ஒருசந்தியை நான் பட்டினியாக்கிய பெரிய வெள்ளி

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. மாலை நாலு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். எங்கள் கோவிலின் வடக்குச் சுவர் ஓரமாக நான் தரையில் கிடந்தேன். கண் திறந்துதான் இருந்தது. யாரோ என் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள், அது மூக்கில் ஏறுகிறது, விழுங்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அன்று காலையில் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. நானும் யாரிடமும் கேட்கவில்லை, அதுவும் உண்மை. என்னைப் போல சர்க்கரை மாத்திரையும் நோன்பும் பக்தியுமாக இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 54 வயது. ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். சிவகங்கை மறைமாவட்டத்தில் ஒரு சின்னப் பங்கு எங்களுடையது. வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் கோயம்புத்தூரில். பலகாரம் போட்டுப் பிழைக்கிறேன். காரைக்குடி, கண்டனூர்ப் பக்கம் நாலைந்து ஆச்சி வீடுகள் வாடிக்கை. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்று, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். அதுவரை ஒரு நாளும் எனக்குச் சர்க்கரை இறங்கியதில்லை. அது ஏறுகிற வியாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறன்று ஓர் ஆச்சி வீட்டில் மணிவிழா. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று 21,500 ரூபாய்க்கு ஆர்டர், 10,000 முன்பணம். சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். பெரிய வியாழன் மாலைப் பூசை, பாதம் கழுவும் சடங்கு, பிறகு நற்கருணையைப் பக்கப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்து நடு இரவு வரை ஆராதனை. அதையெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினேன். இரண்டு மணிக்குத்தான் அடுப்பை அணைத்தேன். வியாழன் மதியம் சாப்பிட்டதுதான். இரவு பசியில்லை என்று ஒரு தேன்குழல் உடைத்துத் தின்றேன், அதுவும் உப்புப் பார்ப்பதற்காக.

வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அம்மா அப்படித்தான் இருப்பார். ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்கு நடந்தே போய் வருகிற ஆள் அம்மா. பெரிய வெள்ளியன்று எச்சிலைக்கூட விழுங்கமாட்டார் என்று அத்தைமார்கள் கேலி பேசுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது என்பதை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. காலையில் ஏழு மணிக்கு மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தேன். மருந்துக்குப் பாவமில்லை, ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. சாப்பிடாததால் சர்க்கரையும் ஏறாது, மாத்திரையும் போட்டாச்சு, இரட்டைப் பாதுகாப்பு என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு.

அன்று நான் செய்த தப்புகளிலேயே பெரியது இந்தக் கணக்குதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும், ஏறக்குறைய நாள் முழுவதும். உள்ளே சோறு போனால் அந்த இன்சுலினுக்கு வேலை இருக்கும். போகாவிட்டால் அது இரத்தத்தில் மிச்சமிருக்கிற சர்க்கரையைக் காலி செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த அபாயம் ரொம்பக் குறைவு. ஆகவே நோன்பு இருக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பதை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலோ இன்சுலின் ஊசி போட்டாலோ, தவக்காலம் தொடங்கும்போதே டாக்டரிடம் போய் "இன்ன தேதியில் நோன்பு, எதைக் குறைக்கட்டும்" என்று கேட்டுவிடுங்கள். தானாக நிறுத்துவதும் தப்பு, நான் செய்தது போல வெறும் வயிற்றில் போடுவதும் தப்பு.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை வெளியில்தான். தவக்காலத்து மற்ற வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குள் சுவரில் இருக்கிற படங்களைச் சுற்றி நின்று செய்வோம். அன்று மட்டும் பதினான்கு மரச்சிலுவைகளைக் கம்பத்தில் கட்டி, கோவில் வாசலிலிருந்து ஊருணிக் கரையைச் சுற்றி, வேலிக்கருவை மண்டிய பாதை வழியாகப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் முடியும்படி நட்டிருப்பார்கள். அன்பியம் என்கிற வீட்டுக் குழு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. பழைய ஆட்கள் இன்னும் முதலாம் ஸ்தலம், இரண்டாம் ஸ்தலம் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய சிலுவையை ஆறு பேர் மாற்றி மாற்றிச் சுமப்பார்கள். முன்னால் ஒரு மினி வேனில் ஒலிபெருக்கி, அதில் உபதேசியார். மணி அடிப்பது கிடையாது. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்தோடு நின்ற மணி, உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் திரும்ப ஒலிக்கும். அதுவரை மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம்தான்.

பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை, நானும் போடவில்லை. இப்போது போட்டுச் சொல்கிறேன். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாள், ஆராதித்து வணங்கும் மன்றாட்டு, ஒரு வாசகம் அல்லது சிந்தனை, பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், திரித்துவப் புகழ், அப்புறம் அடுத்த நிலைக்குப் பாட்டோடு நடை. ஒரு நிலைக்கு ஏழெட்டு நிமிடம். பதினான்குக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம், சில நிமிடம் குறையலாம் கூடலாம். அதில் பதினான்கு முறை முழந்தாளிட்டு எழுவது இருக்கிறது. எல்லாம் உச்சி வெயிலில், செம்மண் சரளையில். நான் செருப்பும் போடவில்லை. அதுவும் அம்மா வழிதான்.

ஐந்தாம் நிலை ஊருணிக் கரையில். சிரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவுகிற இடம். அதற்குச் சற்றுத் தள்ளி, நம் கோவிலைச் சேராத தெருக்காரர்கள் வருடா வருடம் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மண்பானையில் நீர்மோர், பித்தளை அண்டாவில் பானகம். சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட வெல்லத் தண்ணீர், வாசனை ஐந்தடிக்கு வரும். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் டம்ளரை நீட்டி, "குடிங்கத்தா, வெயிலு கொல்லுது" என்றார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். எனக்குப் பின்னால் வந்த எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வாங்கிக் குடித்தார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சின்ன இளக்காரம் எனக்கு வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஏழாம் நிலையில்தான் முதலில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்தது என்பதுகூடத் தப்பு, அடையாளம் வந்தது, நான்தான் தெரிந்துகொள்ளவில்லை. உபதேசியார் முன்வரியைச் சொன்னதும் நாங்கள் பதில் வரி சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து, தவக்காலத்து வெள்ளிக்கு வெள்ளி, ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை சொன்ன வரி அது. "ஏனென்றால்" என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. பக்கத்தில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். அப்புறம் வியர்வை. வெயிலில் வியர்ப்பது வேறு, அது சூடாக இருக்கும், துடைத்தால் திரும்ப ஊறும். இது பின்கழுத்திலும் மேலுதட்டிலும் ஜில்லென்று வந்தது. விரல் நடுங்கியது. காலையிலிருந்து கிள்ளிக்கொண்டிருந்த பசி திடீரென்று காணாமல் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை. உடம்பு பஞ்சு போல லேசாக இருந்தது.

இந்த இடத்தை நிறுத்தி வாசியுங்கள். அந்த லேசான உணர்வை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். ஆண்டவர் பாடு மனசைத் தொட்டுவிட்டது, இதற்குத்தானே இத்தனை வருடம் கேட்டோம் என்று. பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அத்தாச்சி என் தோளைத் தடவிவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் "என்ன செய்யுது" என்று கேட்டிருப்பார். பெரிய வெள்ளியன்று அழுகிறவளைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். குளிர் வியர்வை, நடுக்கம், மனப்பாடமானது மறப்பது, எண்ணிக்கை தவறுவது, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல், நாக்குக் குழறுவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அது சர்க்கரை இறக்கம் என்று முதலில் நினைக்க வேண்டும். மீட்டரில் 70க்குக் கீழே வந்தால் இறக்கம்தான். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் இனிப்பை வாயில் போட்டுவிட வேண்டும். இறக்கம் இல்லாமல் இனிப்பு சாப்பிட்டுவிட்டால் ஒரு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

எட்டிலிருந்து பதினான்கு வரை எப்படிப் போனேன் என்று கோர்வையாக நினைவில்லை. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற நிலையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முழந்தாளிடவில்லை. பன்னிரண்டாம் நிலையில் எல்லோரும் மௌனமாக முழந்தாளில் இருந்தபோது வேனின் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் மண்டைக்குள் ஓடியது. கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள் கால்மணி நேரம் எழவில்லை.

அப்புறம்தான் என்னை ஏமாற்றியது நடந்தது. கோவிலுக்குத் திரும்பி, மண்டபத்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தேன். இரண்டேகால் மணிக்கு எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. நடுக்கமும் இல்லை. சரி, வெயில்தான், போய்விட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பின்னால் டாக்டர் சொன்னார், சர்க்கரை கீழே போனதும் உடம்பு பயந்து கல்லீரலில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்து இரத்தத்தில் விடுமாம். அது தற்காலிகக் கடன். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடாத உடம்பில் சேமிப்பு என்ன இருக்கும்? மாத்திரையோ இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. தானாகத் தெளிந்த மயக்கம் திரும்ப வரும். தெளிந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் கஞ்சி குடித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

மூன்று மணிக்குத் திருப்பாடுகளின் வழிபாடு. வருடத்திலேயே பூசை இல்லாத நாள், பீடத்தில் துணிகூட இருக்காது. வருகைப்பாட்டு கிடையாது. சிவப்பு உடையில் சாமி மௌனமாக வந்து வெறும் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடப்பார், நாம் முழந்தாளில் இருப்போம். குழந்தை அழுதால்கூடத் தாய் வெளியே தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு அமைதி. ஏசாயா வாசகம், எபிரேயர் வாசகம் இரண்டுக்கும் உட்காரலாம். பிறகு யோவான் நற்செய்தியின் பாடுகள், 18, 19 என்று இரண்டு அதிகாரம் முழுவதும், மூன்று பேர் குரல் பிரித்துப் பாடுவார்கள். எங்கள் கோவிலில் முப்பத்தைந்து நிமிடம். அத்தனையும் நின்றுகொண்டு. ஆண்டவர் உயிர் விடுகிற வரி வந்ததும் முழந்தாள், சற்று மௌனம், மறுபடி நிற்பது.

பிரசங்கம் முடிந்ததும் பெரிய மன்றாட்டுகள் பத்து. திருச்சபைக்கு, திருத்தந்தைக்கு, ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்கு, ஆளுகிறவர்களுக்கு, துன்பப்படுகிறவர்களுக்கு என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு மன்றாட்டுக்கும் "முழந்தாளிடுவோம்" என்பார்கள், மௌனம், "எழுந்திருப்போம்" என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் பத்துத் தடவை கீழே போய் மேலே வர வேண்டும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத உடம்புக்கு எழுகிற ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம் சரியும். சர்க்கரை இறக்கம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஐந்தாவது மன்றாட்டா ஆறாவதா என்று இப்போதும் தெரியாது, எழுந்தேன், எழுந்ததாக நினைத்தேன், பெஞ்சின் ஓரம் நெற்றியில் இடித்தது.

விழுவதற்கு முன்னால் ஒரு நிமிடமாவது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் கையைத் தொட்டு "எனக்கு என்னவோ பண்ணுது" என்று சொல்ல நேரம் இருந்தது. அந்த அமைதியில் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. இதைத்தான் நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த வழிபாட்டின் மௌனம் பாட்டும் மணியும் இல்லாமல் தொடங்கி, சொல்லாமல் கொள்ளாமல் கலைந்து போகிற மௌனம். உடம்பு முடியாதவர் வாய் திறக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நிற்க முடியாதவர் உட்காரலாம், முழந்தாளிட முடியாதவர் தலை குனியலாம். எனக்கு முன் பெஞ்சில் எண்பது வயது ஆத்தா ஒருவர் முழு நேரமும் உட்கார்ந்துதான் இருந்தார், ஆண்டவர் அவரைக் கோபிக்கவில்லை.

பாடகர் குழுவில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். அவள் ஓடி வருவதற்குள் யாரோ சமையலறையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் அரை மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். எனக்குப் புரையேறி இரண்டு நாள் இருமினேன். நர்ஸ் பெண் டம்ளரைத் தட்டிவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். "பெரியம்மா, என் குரல் கேக்குதா, என் கையை அமுக்குங்க" என்றாள். நான் அமுக்கவில்லையாம். விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் 41. 108க்குப் போன் போட்டு, வண்டி வந்து, தேவகோட்டை போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. வண்டியிலேயே நரம்பில் குளுகோஸ் ஏற்றினார்கள். தன் பெயரைச் சொல்லி, வாய் கொப்பளித்துத் துப்பத் தெரிகிறவருக்கு மட்டும்தான் வாயால் கொடுக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுகோஸ் பவுடர் அரை டம்ளர் தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிடவைக்க வேண்டும், வெறும் சர்க்கரை அரை மணியில் கரைந்துவிடும். மயங்கியவருக்கு ஒன்றும் ஊற்றாமல் வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் எனக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. 162 என்றார்கள். வீட்டுக்குப் போகிறேன், அடுப்பில் வேலை கிடக்கிறது, ஆச்சி வீட்டு ஆர்டர் என்று தகராறு செய்தேன். டாக்டர் விடவில்லை. இந்த மாத்திரையால் இறங்கியது ஏற்றிய பிறகும் திரும்ப இறங்கும், ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்றார். பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்தேன். இரவு எட்டரை மணிக்கு நர்ஸ் குத்திப் பார்த்தபோது 58. வீட்டில் தனியாகப் படுத்திருந்தால் அது இரவு இரண்டு மணிக்குப் போய் என்னவாகியிருக்கும் என்பதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

சனிக்கிழமை மாலைதான் விட்டார்கள். செலவு 13,800 ரூபாய். ஆச்சி வீட்டு ஆர்டர் போனது, முன்பணம் பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வியாழக்கிழமை ஊறவைத்து இடித்த ஈர அரிசி மாவு புளித்து வீடே நாறியது, மாவும் தேங்காயும் எண்ணெயுமாக இன்னொரு நாலாயிரம். பெரிய வெள்ளி மாலை இறந்த ஆண்டவர் சொரூபத்தைச் சுமந்து போகிற தூம்பா பவனியும் போயிற்று, சனி இரவுத் திருவிழிப்பும் போயிற்று. திங்கட்கிழமை குளிக்கும்போதுதான் இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். வெறுங்காலோடு சரளையில் நடந்ததற்கு வலியே தெரியவில்லை. சர்க்கரைக்காரர் காலில் உணர்வு மங்கியிருக்கும் என்பார்களே, அது எனக்கும் வந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஆற மூன்று வாரம் ஆனது. சிலுவைப்பாதையில் செருப்பைக் கழற்றுகிற ஆசை இருந்தால், வேண்டாம்.

அடுத்த வாரம் பங்குச் சாமியைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் கோபமாகத்தான் போனேன், நோன்புக்கு விதி என்னதான் சாமி என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒருசந்தின்னா என்னம்மா அர்த்தம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அறுபது வருடம் முன்னால் எங்கள் பாட்டி வாயில் புழங்கிய சொல் அது. ஒருசந்தி, சுத்தபோசனம் என்று சேர்த்துச் சொல்வார்கள். ஒருசந்தி என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. சொல்லிலேயே ஒரு வேளை இருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம், மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக, அந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் நோன்பை முறிக்காது, மருந்தும் முறிக்காது. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 நிறைவது வரை உள்ளவர்களுக்கு இந்தக் கடமை. சுத்தபோசனம், அதாவது மாமிசம் தவிர்ப்பது, 14 வயது நிறைந்த எல்லோருக்கும். நோயாளிக்கு நோன்பு கடமையே இல்லை. "உனக்கு விதி விலக்கு, நீ விலக்கைத் தள்ளிவிட்டு விதியைவிடப் பெரிசா ஒண்ணைத் தூக்கினே" என்றார். நற்கருணையாகிய நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், அதிலிருந்தும் நோயாளிக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னார். இதையெல்லாம் குருத்து ஞாயிறு அறிவிப்பில் சொல்லலாமே சாமி என்றேன். அடுத்த வருடம் சொன்னார்.

2025-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. வெயில் போன வருடத்தைவிட மோசம். இரண்டு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் போய் வந்தேன். அன்று காலை கிளிமிபிரைடு வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின் மட்டும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார். அது எனக்கு எழுதியது, உங்களுக்கு வேறு எழுதலாம். காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். சிலுவைப்பாதை முடிந்து ஒன்றே முக்காலுக்குக் கோவில் மண்டபத்திலேயே தூக்குவாளியைத் திறந்து சோறும் பருப்புத் துவையலும் மோரும், அதுதான் முழு வேளை. இரவு இரண்டு இட்லி. கணக்குப் பார்த்தால் சரியான ஒருசந்தி. நன்மை வாங்கும்போது மணி நாலரை, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. முந்தானையில் குளுகோஸ் பவுடர் பொட்டலம், கைப்பையில் மீட்டர். நர்ஸ் பெண்ணிடம் மட்டும் ஓர் ஏற்பாடு: நான் பேசாமல் வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தால் என்ன ஏது என்று கேட்காதே, உட்காரவை. கூட்டத்தின் நடுவில் நடக்காமல் ஓரமாக நடந்தேன். பெரிய மன்றாட்டில் மூன்றுக்கு மேல் முழந்தாளிடவில்லை. ஆச்சி வீட்டு ஆர்டர் எதுவும் அந்த வாரத்துக்கு வாங்கவில்லை, கேட்டவர்களிடம் குருத்து ஞாயிறுக்கு முன்னால் தருகிறேன், இல்லை உயிர்ப்புக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நிலையில் அதே பந்தல், அதே பெரியவர். டம்ளரை எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்தினார். "நீங்க குடிக்கமாட்டீங்கள்ல" என்றார். பானகம் வேண்டாம், மோர் கொடுங்கய்யா என்றேன். உப்பும் கறிவேப்பிலையும் தூக்கலாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டு ஆறாம் நிலைக்குப் போய்விட்டதால் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.